மாமாவுக்கு ஒரு மடல்

ரேணிகுண்டா,
12.11.2024.

பேரன்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

அத்தைக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

திருப்பதியில் நான் பார்த்துவரும் எழுத்தர் வேலையை இம்மாத இறுதியில் விடுகிறேன். புத்தூருக்கு அருகிலுள்ள நம் ஊருக்குத் திரும்பி, மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய் ஆட்டப் போகிறேன். என்னைப் படிக்க வைத்து, இவ்வேலையையும் தேடித் தந்தவர் தாங்கள். ஆகவே, இம்முடிவைப் பிறர் வாயிலாகத் தாங்கள் அறிவது முறையன்று.

கடந்த ஆறு மாதங்களாக ஞாயிறுதோறும் ரேணிகுண்டாவில் இரயில் ஏறிப் புத்தூர் சென்று, செக்கு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் தொழில் பழகினேன். அவர் முதலில் கற்பித்தது எண்ணெய் ஆட்டுவதையன்று, கடலை வாங்குவதை. நம் பகுதியில் மானாவாரிக் கடலை ஐப்பசி மழைக்காலத்தில் அறுவடைக்கு வருகிறது. மழையில் நனைந்து, சரியாகக் காயாத காயில் பூஞ்சணம் பிடிக்கும். காயைக் காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென ஒலிக்க வேண்டும்; ஒலிக்காவிட்டால் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

பச்சையும் மஞ்சளும் கலந்த பூஞ்சணம் படிந்த பருப்பில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். அது கல்லீரலைக் கெடுப்பது; அடுப்பில் காய்ச்சுவதால் நீங்காதது. பெரிய ஆலைகளில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் அகன்றுவிடும். செக்கு எண்ணெய்க்கு அத்தகைய சுத்திகரிப்பு இல்லை. எனவே, சுருங்கிய பருப்பையும் நிறம் மாறிய பருப்பையும் செக்கில் இடுவதற்கு முன்பே கையால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். செக்கு எண்ணெய் நல்லதா இல்லையா என்பது இந்தப் பொறுக்குதலிலேயே பெரிதும் முடிவாகிறது.

பொறுக்கிய பருப்பைப் பதினைந்து கிலோ அளவில் செக்கில் இட்டு, சிறிது நீர் தெளித்து ஆட்ட வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எண்ணெய் பிரியும். அதை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, மூன்று நான்கு நாள் வெயிலில் வைத்தால் வண்டல் அடியில் தங்கும். தெளிந்ததை மட்டும் வடித்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டு வண்டலோடு புட்டியில் அடைத்தால், அதிலுள்ள ஈரத்தால் எண்ணெய் விரைவில் சிக்கு நாற்றம் அடிக்கும்.

தாங்கள் மளிகைக் கடை நடத்துபவர். கணக்கைத்தான் முதலில் கேட்பீர்கள். சென்ற மாதம் பெரியவரின் செக்கில் என் சொந்தப் பணத்தில் ஆட்டிப் பார்த்தேன். கிலோ 115 ரூபாய்க்கு 100 கிலோ பருப்பு வாங்கினேன். விலை 11,500 ரூபாய். பொறுக்கியதில் 5 கிலோ கழிந்தது. மீதியில் 40 லிட்டர் எண்ணெய் கிடைத்தது. லிட்டர் 280 ரூபாய் வீதம் 11,200 ரூபாய் வந்தது. எண்ணெயை மட்டும் பார்த்தால் 300 ரூபாய் நட்டம்! ஆனால், 55 கிலோ பிண்ணாக்கு இருந்தது. மாடு வளர்ப்போர் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கியதால் 2,200 ரூபாய் கிடைத்தது. ஆக மிச்சம் 1,900 ரூபாய். செக்கு வாடகை, பொறுக்குகூலி, மின்சாரம், புட்டி ஆகியவற்றுக்கு 900 ரூபாய் போக, கையில் நின்றது 1,000 ரூபாய். ஆகவே, மாடுகள் உள்ள ஊரில்தான் இத்தொழில் நிற்கும். நகரத்தை விட்டு ஊருக்குச் செல்ல நான் விரும்புவதற்கு அதுவே முதற்காரணம்.

இதில் உள்ள தடையையும் மறைக்க விரும்பவில்லை. மாதம் இருபது நாள் இவ்வாறு ஆட்டினால் என் இப்போதைய சம்பளத்தை எட்டிவிடலாம். ஆனால், 800 லிட்டர் எண்ணெய் விற்க வேண்டும். வீட்டுக்கு நான்கு லிட்டர் என்றால் இருநூறு வீடுகள் வேண்டும். இன்று என்னிடம் முப்பத்தைந்து வீடுகளே உள்ளன. அதனால் முதலாண்டில் வாரம் இரண்டு நாள் மட்டும் என் கடலையை ஆட்டுவேன். மற்ற நாள்களில் உழவர்கள் கொண்டுவரும் கடலையைக் கூலிக்கு ஆட்டித் தருவேன். அதில் வருவாய் குறைவு. ஆனால், விலை இறங்கினாலும் என் முதல் போகாது. செக்கு வாங்கச் சேமிப்பு பாதியும் வங்கிக்கடன் பாதியும் போதும்.

வெயிலில் உழைத்த குடும்பத்துப் பிள்ளை நிழலில் அமர்ந்து எழுத வேண்டும் என்று தாங்கள் விரும்பினீர்கள். அந்த அன்பை நான் மறக்கவில்லை. கணக்கு எழுதக் கற்ற கைதான் இக்கணக்கையும் எழுதியிருக்கிறது. ஒன்றை மட்டும் வேண்டுகிறேன். இம்மடலுடன் இரண்டு புட்டி எண்ணெய் அனுப்பியுள்ளேன். உறவுக்காக அதனைத் தங்கள் கடையில் வைக்க வேண்டா. ஒன்றை இப்போதே சமையலுக்குப் பயன்படுத்துங்கள். மற்றொன்றை இருட்டறையில் மூன்று மாதம் வைத்துப் பின் முகர்ந்து பாருங்கள். வாடை மாறியிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்; மாறாதிருந்தால் விலை பேசுவோம்.

அத்தைக்கும் தம்பி தங்கையருக்கும் என் அன்பைக் கூறுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்,
குமரன்.