மூன்றாம் நாள் தலைசுற்றல்

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கும் பெண்ணின் மேல் எங்கள் திரேஸ்புரத்தில் சுலபமாக விழும் சொல் 'அடிமை'. என் மதினிக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது. பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வுக்காக ஓராண்டாகத் தினமும் 20 மில்லிகிராம் பராக்செட்டின் எடுத்துவந்தார். "தேறிட்டல்லா, இனி எதுக்கு?" என்று அண்ணன் ஒருநாள் மாத்திரை அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் மதினிக்குத் தலை சுற்றியது. கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்ததுபோல் ஒரு வெட்டு. குமட்டல், கெட்ட கனவு, காரணமில்லாத எரிச்சல். "பாத்தியா, மாத்திரை இல்லாம ஒனக்கு முடியல. இதுக்குப் பேருதான் அடிமை" என்றான் அண்ணன்.

அடிமையாதல் என்றால் வேறு. அதில் மனம் பொருளைத் தேடி அலையும். அளவு ஏறிக்கொண்டே போகும். கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாது. மதினியோ ஓராண்டும் அதே 20-இல்தான் இருந்தார். மாத்திரையில் போதை ஏதும் இல்லை. சில நாள் நான்தான் நினைவூட்டுவேன்.

பிறகு ஏன் தலை சுற்றியது? மூளை நரம்புகள் தாம் வெளியிட்ட செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரை அதைத் தடுக்கிறது. வாரக்கணக்கில் செரட்டோனின் கூடுதலாக நிற்பதால், அதை வாங்கும் ஏற்பிகள் தம் கூர்மையைக் குறைத்துக்கொள்கின்றன. மாத்திரை சட்டென்று நின்றால் செரட்டோனின் குறைந்துவிடும். ஏற்பிகள் பழையபடி கூர்மையடைய நாளாகும். இந்த இடைவெளிதான் தொல்லை தருகிறது என்று கருதப்படுகிறது. எங்கள் ஊரில் சங்கு குளிக்கிறவர்களைக் கேளுங்கள்: ஆழத்துக்குப் பழகிய உடம்பு, வேகமாக மேலே வந்தால் முடங்கிப்போகும். அதற்காக அவர்களைக் கடலுக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை.

பராக்செட்டினில் பாதி ஏறக்குறைய ஒரே நாளில் இரத்தத்திலிருந்து போய்விடும்; அதனால் தொல்லை அதிகம். ஃபுளுவாக்செட்டின் வாரக்கணக்கில் தங்கி மெல்லக் கரைவதால் தொல்லை குறைவு.

நோய் திரும்பிவிட்டதோ என்ற பயம் மதினிக்கு இருந்தது. நோய் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்லத்தான் திரும்பும். நிறுத்திய சில நாளிலேயே, முன்பு இல்லாத கரண்ட் வெட்டும் தலைசுற்றலும் வந்தால் அது நிறுத்தியதன் விளைவு. மருத்துவர் சொல்லி மாத்திரையை மறுபடி தொடங்கியதும் இரண்டே நாளில் எல்லாம் அடங்கியது. நோயாக இருந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் தணியாது.

அதன்பின் மாதக்கணக்கில் இறக்கினார்கள். 20-இலிருந்து 10-க்கு வந்தது எளிதாக இருந்தது. கடைசி 5-தான் கடினம். சிறிய அளவே உறிஞ்சலில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், மூளைக்குப் பெரிய இறக்கம் கடைசியில்தான் வருகிறது. அதனால் 5-ஐயும் இன்னும் சிறிதாக்கித்தான் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் இந்தத் தொல்லை வருவதில்லை. சிலருக்கு மாதங்கள் நீளும். எந்த வேகத்தில் இறங்குவது என்பதை அந்த உடம்புக்குரியவளும் அவள் மருத்துவரும் பேசி முடிவுசெய்ய வேண்டும். அட்டையைப் பிடுங்குகிற கைக்கு அதில் வேலை இல்லை.