பாய் விற்கிற விலை எது?

திகனயில் இருந்துகொண்டு இணையத்தில் கைப்பணிப் பொருள் விற்கிற என் மைத்துனருக்கு ஒரே ஒரு கேள்விதான்: எந்தச் சாமான், எந்த விலையில், பார்ப்பவரை வாங்க வைக்கிறது? அவருடைய சரக்கில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, ஹேனவலப் பக்கத்தில் நாரால் நெய்யும் தும்பறைப் பாயும் சுவர்த் தொங்கலும். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கைவினை அது. மற்றது, பிலிமத்தலாவைப் பித்தளை விளக்கு.

விற்பனைத் தளத்திலிருந்து இறக்கிய கோப்பில் ஒரு பொருளுக்கு ஒரு வரி இருந்தது: வகை, விலை, பார்வைகள், ஓடர்கள். பிவட் டேபிளுக்கு இது போதும். ஆனால் விலையைப் படிநிலைகளாகப் பிரிக்கப் போனதும் எக்செல் "Cannot group that selection." என்று மறுத்துவிட்டது. காரணம், விலைப் பத்தியில் இருந்தது எண்ணே அல்ல. `Rs. 4,500.00` என்ற எழுத்து. கலத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றதிலேயே அது தெரிந்தது. `Rs. ` என்பதைப் பின்னால் உள்ள இடைவெளியோடு சேர்த்து நீக்கியதும் எண்கள் வலப்பக்கம் போயின.

எண்ணான பிறகும் எக்செலின் தானியங்கிப் பிரிப்பை நான் விரும்புவதில்லை. அது எல்லாப் படியையும் ஒரே அகலத்தில் வெட்டும். ஆயிரம் ரூபா வித்தியாசம் 1,500 ரூபாச் சாமானில் பெரிது, 12,000 ரூபா விளக்கில் அற்பம். அதனால் பக்கத்தில் 0, 1500, 3000, 6000, 12000 என்று ஒரு சிறு அட்டவணை போட்டு, ஒவ்வொரு வரிக்கும் படியைத் தேடி எடுக்க வைத்தோம்.

```
=VLOOKUP(B2,$H$2:$I$6,2,TRUE)
```

இதில் 3,000 ரூபாப் பொருள் மேல் படிக்குப் போகும், 2,990 கீழ்ப் படியிலேயே நிற்கும். படிப் பெயர்களின் முன்னால் A, B, C என்று போடாவிட்டால், 12000 என்று தொடங்கும் பெயர் 1500க்கு முன்னால் வந்து நிற்கும்.

அடுத்தது வீதம். பெரும்பாலானோர் ஒவ்வொரு வரியிலும் ஓடரைப் பார்வையால் வகுத்து, பிவட்டில் அதன் சராசரியை எடுக்கிறார்கள். கணக்குக்காக எண்களை உருட்டிச் சொல்கிறேன். ஒரே படியில் மூன்று பாய்கள். முதலாவதற்கு 1,000 பார்வை, 10 ஓடர்: 1 வீதம். இரண்டாவதற்கு 20 பார்வை, 2 ஓடர்: 10 வீதம். மூன்றாவதற்கு 480 பார்வை, 3 ஓடர்: 0.6 வீதம். சராசரி கிட்டத்தட்ட 3.9 வீதம் என்று வரும். உண்மையில் 1,500 பேர் பார்த்து 15 பேர் வாங்கியிருக்கிறார்கள். சரியாக 1 வீதம். யாரோ இருபது பேர் மட்டும் எட்டிப் பார்த்த பாய் மொத்தப் படியையும் தூக்கிவிட்டது.

இதற்கு எக்செலில் Calculated Field இருக்கிறது. அதில்

```
=Orders/Views
```

என்று எழுதினால், அது முதலில் இரண்டையும் தனித்தனியே கூட்டி, பிறகே வகுக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

வகைகளை வரிசையிலும் படிகளைப் பத்தியிலும் வைத்ததும் விளக்கின் மேல் படியில் பூச்சியம் தெரிந்தது. "விலையைக் குறைச்சுப் போடவா?" என்றார் மைத்துனர். பார்வை எண்ணிக்கையையும் மதிப்பில் சேர்த்துப் பார்த்தோம். அந்தக் கட்டத்தில் நூறு பார்வைகூடத் தேறவில்லை. உண்மை வீதம் 1 ஆகவே இருந்தாலும், நூறு பேர் பார்த்து ஒருவரும் வாங்காமல் போக நூற்றுக்கு 37 வாய்ப்பு உண்டு. அதே பூச்சியம் 300 பார்வைக்குப் பிறகு வந்தால் வாய்ப்பு 5க்கு இறங்கிவிடும். அப்போதுதான் விலையையோ படத்தையோ சந்தேகிக்கலாம். இதைக் கேட்டு அவர் விளக்கின் விலையைத் தொடவில்லை. அது சரியான முடிவு என்பதே என் கட்சி.

இந்த அறிக்கைக்கு இன்னொரு பலவீனம் உண்டு, அதை எந்தச் சூத்திரமும் தீர்க்காது. அவருடைய கோப்பில் விலை, இறக்கிய நாளின் விலை. பார்வையும் ஓடரும் மூன்று மாதத்துக்கு உரியவை. ஒரு சுவர்த் தொங்கலை 2,800க்கு விற்றுவிட்டுப் போன கிழமை 3,400 ஆக்கியிருந்தால், பழைய விலையில் வாங்கியவர்கள் எல்லோரும் புதிய படியில் உட்கார்ந்திருப்பார்கள். விலையை உயர்த்தியதும் விற்பனை கூடியது போலத் தோன்றும். ஓடர்களைத் தனிக் கோப்பாக இறக்கினால் விற்ற விலை கிடைக்கும், ஆனால் பார்த்துவிட்டுப் போனவர் எந்த விலையைப் பார்த்தார் என்பது அதிலும் இல்லை. ஆகவே விலையை மாற்றுகிற நாளிலேயே பொருளின் பெயர், பழைய விலை, புதிய விலை, திகதி நான்கையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அந்த மூன்று மாதத்துக்குள் விலை மாறிய பொருட்களை வடிகட்டிவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் பிவட் போடுங்கள்.