இரண்டு மாதேவிகள்

லீவுக்கு மயிலாப்பூர் அத்தை வீட்டுக்குப் போனப்போ ‘பொன்னியின் செல்வன்’ படித்தேன். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய கதை. ஐந்து பாகம், ஏகப்பட்ட குலம்!

அதில் செம்பியன் மாதேவி, வானமாதேவி என்று இரண்டு ராணிகள் வருவாங்க. மாதேவி என்றால் பெரிய ராணி, அது பட்டம். அதனால் நோட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே கணவரையும் பிள்ளைகளையும் எழுதினேன்.

செம்பியன் மாதேவி: கண்டராதித்தர் மனைவி, மதுராந்தகனை வளர்த்தவர்.

வானமாதேவி: சுந்தர சோழர் மனைவி. ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி மூவருக்கும் அம்மா.

கண்டராதித்தர் சுந்தர சோழருக்குப் பெரியப்பா. இதை எழுதியதுமே கதையின் சண்டை புரிந்தது. அடுத்த ராஜா யார், பெரியப்பா வீட்டுப் பிள்ளையா, சுந்தர சோழர் பிள்ளையா? பழுவேட்டரையர்கள் மதுராந்தகன் பக்கம். கொடும்பாளூர்க்காரங்க சுந்தர சோழர் பிள்ளைகள் பக்கம்.

நீங்களும் படிக்கும்போது புதுப் பெயர் வந்தால், ‘இவர் எந்த மாதேவி வீட்டுப் பக்கம்?’ என்று கேட்டுப் பாருங்க. பெயர் குழம்பாது.

– 9-ஆம் வகுப்பு மாணவி