மதகுன்னு ஒரே ஒரு வார்த்தை

போன தடவை எங்க ஏரிப் பாசனச் சங்கக் கூட்டத்து நோட்டீஸ்ல மூணே வார்த்தைதான்: மதகு, கணக்கு, முறைத்தண்ணீர். மதகுன்னதும் ஆளாளுக்குப் பழங்கதை பேசியே ரெண்டு மணி நேரம் போச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு கடைமடைக்காரங்க எழுந்து போயிட்டாங்க. அவங்க பயிருக்கு உயிரான முறைத்தண்ணீர் பேச்சே வரலை.

இந்தத் தடவை நோட்டீஸை நான் எழுதினேன்.

"முறைத்தண்ணீர்: கடைமடைக்கு வாரத்தில் எந்த இரண்டு நாள்? முடிவெடுக்க, 25 நிமிடம்.

மதகு ஷட்டர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா? முடிவெடுக்க, 20 நிமிடம்.

கணக்கு: தகவலுக்கு மட்டும், 5 நிமிடம்."

'முடிவெடுக்க'ன்னு எழுதின பிறகுதான், விலை தெரியாம எப்படி முடிவெடுப்பாங்கன்னு உறைச்சது. வெல்டிங் பட்டறையில முன்னாடியே கேட்டு வச்சேன்.

முறைத்தண்ணீருக்கு 40 நிமிஷம் ஆச்சு. சரியாக் கணக்குப் போடலை நான். ஆனா செவ்வாய், வெள்ளின்னு முடிவானப்போ கடைமடைக்காரங்க அங்கேயேதான் இருந்தாங்க.