ஏழிலிருந்து ஒன்று

மார்கழி முதல் நாள். வாசல் தெளித்துவிட்டு, ஃபோனில் கோல ஆப்பைத் திறந்தேன். "7-1 புள்ளி" என்று போட்டிருந்தது. நடுவில் ஏழு புள்ளி வைத்தேன். மேலேயும் கீழேயும் அதற்கு நேராகவே, ஓரத்துக்கு ஒன்று விட்டு, ஐந்து, மூன்று, ஒன்று. மொத்தம் 25. மூன்றாவது படியில் ஆப் வளைக்கச் சொன்ன புள்ளி என் தரையில் இல்லவே இல்லை.

ஊரில் இருக்கிற அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். பார்த்ததுமே, "நேர்ப்புள்ளியா, இடுக்குப்புள்ளியாடா?" என்றாள்.

இடுக்குப்புள்ளியில் அடுத்த வரிசைப் புள்ளிகள், முந்தைய வரிசையின் இரண்டிரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழும். அதனால் ஒவ்வொன்றாகத்தான் குறையும்: ஏழு, ஆறு, ஐந்து என்று ஒன்று வரை. மொத்தம் 49. அதே "7-1"தான், ஆனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு புள்ளி.

எண்ணைப் பார்த்தே சில சமயம் சொல்லிவிடலாம். 7-4 என்றால் இடுக்குப்புள்ளிதான். நேர்ப்புள்ளி இரண்டிரண்டாகக் குறைவதால் ஏழிலிருந்து நான்குக்கு வரவே முடியாது. 7-1, 9-5 மாதிரி இரண்டுமே ஒற்றைப்படையாகவோ, இரண்டுமே இரட்டைப்படையாகவோ இருந்தால்தான் குழப்பம். அப்போது படத்தைப் பெரிதாக்கி, நடு வரிசைக்கு அடுத்த வரிசையை எண்ண வேண்டும். ஏழுக்குப் பக்கத்தில் ஆறு இருந்தால் இடுக்கு, ஐந்து இருந்தால் நேர்.

அம்மாவின் பழைய நோட்டில் ஒவ்வொரு கோலத்துக்கும் கீழே "நே" அல்லது "இ" என்று ஓரெழுத்து இருக்கும். சின்ன வயதில் அதை ஏதோ கிறுக்கல் என்றுதான் நினைத்திருந்தேன். ஆப் செய்தவர் விட்டது அந்த ஓரெழுத்தைத்தான்.

25 புள்ளியையும் தண்ணீர் விட்டு அழித்துவிட்டு, மறுபடியும் நடுவிலிருந்து ஆரம்பித்தேன்.