ஒரு பட்டை, பதினொரு பிளாக்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லங்காஸ்டர் கவுண்டி, ஆமிஷ், மென்னனைட் மக்களின் விவசாயப் பூமி. அங்கே ஒரு மென்னனைட் தேவாலயத்தின் நிலவறையில் பெண்கள் கூடி, அகதிகளுக்கு அனுப்பும் கனத்த போர்வைகளைத் தைக்கிறார்கள். 1920-இல் தொடங்கிய மென்னனைட் சென்ட்ரல் கமிட்டி இப்படிப்பட்ட போர்வைகளைச் சேகரித்து, போரும் பேரிடரும் விரட்டிய குடும்பங்களுக்குக் கொண்டுசேர்க்கிறது. துண்டுத் துணிகளை இணைத்து மேல்பரப்பு தைப்பது, நடுவில் பஞ்சு வைப்பது, அடித்துணியோடு சேர்த்து நூலால் முடிச்சிடுவது என்று எல்லா வேலையும் அங்கேயே நடக்கிறது. நான் பார்க்கப் போனது முதல் வேலையை. அதிலும் ‘நைன் பேட்ச்’ என்ற ஒன்பது கட்ட பிளாக்கை அவர்கள் வெட்டித் தைக்கும் முறையை.

நைன் பேட்ச் என்பது மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று சதுரம். நான்கு மூலைகளிலும் நடுவிலும் அடர்நிறம், மற்ற நான்கு இடங்களில் வெளிர்நிறம். இதைவிட எளிய பிளாக் அரிது. தையல் பழகும் சிறுமிகளுக்கு முன்பெல்லாம் இதைத்தான் முதலில் கொடுப்பார்கள். அட்டையில் ஒரு சதுரம் வெட்டி, அதைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்க வேண்டும். ஒரு போர்வைக்கு இப்படி நூற்றுக்கணக்கில்.

இன்று நிலவறையின் மேசைகளில் அட்டையும் இல்லை, பென்சிலும் இல்லை. பச்சை நிறக் கட்டிங் மேட்டும், ஆறு அங்குல அகலமும் இரண்டடி நீளமும் கொண்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் ரூலரும், ரோட்டரி கட்டரும் இருக்கின்றன. பிடியின் முனையில் சுழலும் வட்டத் தகடுதான் ரோட்டரி கட்டர். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அதை 1979-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பட்டை பட்டையாகத் தைத்து, பிறகு குறுக்கே வெட்டும் உத்தி அதற்கும் முந்தையது. ஃபுளோரிடாவின் செமினோல் பழங்குடிப் பெண்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கையால் சுற்றும் தையல் இயந்திரத்தில் அப்படித் தைத்தார்கள். கட்டரும் ரூலரும் வந்த பிறகு அந்த உத்தி க்வில்ட் தைக்கும் வீடுகளின் அன்றாட வழியாகிவிட்டது.

வெட்டும் மேசைக்குப் பொறுப்பான மூதாட்டி என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கணக்கைச் சொன்னார். தைத்து முடிந்த சதுரம் மூன்று அங்குலம் இருக்க வேண்டும். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விடுவதால், மூன்றரை அங்குல அகலத்தில் பட்டை வெட்ட வேண்டும். கரையை நீக்கியபின் துணியின் அகலம் ஏறக்குறைய நாற்பது அங்குலம். அடர்-வெளிர்-அடர் என்று மூன்று பட்டைகளை நீளவாக்கில் இணைத்தால் ‘ஏ’ தொகுப்பு. வெளிர்-அடர்-வெளிர் என்று இணைத்தால் ‘பி’ தொகுப்பு. இவற்றைக் குறுக்கே மூன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினால், ஒரு தொகுப்பிலிருந்து பதினொரு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டும் பிளாக்கின் ஒரு முழு வரிசை. மேலும் கீழும் ஏ, நடுவில் பி. ஆக, இரண்டு ஏ தொகுப்பும் ஒரு பி தொகுப்பும் சேர்ந்தால் பதினொரு பிளாக்.

இதில் எவ்வளவு வேலை மிச்சம் என்று பார்த்தேன். பதினொரு பிளாக்குக்கு 99 சதுரம். தனித்தனியாக இணைத்தால் வரிசைகளுக்கு மட்டும் 66 குட்டித் தையல்கள். பட்டை முறையில் அந்த 66-க்குப் பதில் ஆறே நீளத் தையல்கள்.

“மிச்சம் சும்மா வராது,” என்றார் அவர். “கத்தரியால் வெட்டிய காலத்தில் ஒரு சதுரம் கோணினால் ஒரு சதுரம்தான் கெடும். இங்கே ஒரு பட்டை கோணினால் பதினொரு பிளாக்கிலும் அது போய் உட்காரும்.” அன்று முழுக்க நான் பார்த்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான். அந்தப் பெண்கள் எந்தெந்த இடத்தில் நின்று சரிபார்க்கிறார்கள் என்பதில்தான் இந்தத் தொழிலின் நுட்பம் இருக்கிறது.

முதல் இடம் மடிப்பு. கரையோடு கரை சேர்த்துத் துணியை மடித்து, மடிப்பு அலையில்லாமல் தொங்குகிறதா என்று தூக்கிப் பார்க்கிறார்கள். அலை இருந்தால் ஒரு கரையை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தி, அது நேராகும்வரை சரிசெய்கிறார்கள். பிறகு மேட்டின் மேல் விரித்து இன்னொரு முறை மடித்து நான்கு அடுக்காக்குகிறார்கள். ரூலரின் குறுக்குக் கோடு மடிப்பின்மேல் துல்லியமாகப் படிந்தபின்தான், பிசிறான ஓரத்தை வெட்டி நீக்கி முதல் நேர்விளிம்பை உண்டாக்குகிறார்கள். இதன்பின் துணியைத் தொடுவதில்லை. மேட்டையே அரைவட்டம் திருப்பி, அந்த விளிம்பை இடப்பக்கம் கொண்டுவருகிறார்கள்.

ரூலரின் மூன்றரை அங்குலக் கோட்டை அந்த விளிம்பில் பொருத்தி, இடக்கையை விரித்து ரூலரை அழுத்தி, தகட்டை ரூலரின் ஓரத்தோடு ஒட்டவைத்து, உடம்பிலிருந்து விலகும் திசையில் ஒரே ஓட்டமாகத் தள்ளுகிறார்கள். இடையில் கட்டரைத் தூக்குவதில்லை. பாதி தூரம் போனதும் அதை அங்கேயே நிறுத்தி, இடக்கையை மேலே நகர்த்திக்கொண்டு, மீண்டும் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் தகட்டின் காப்பை மூடும் ஓசை கேட்கிறது. பேச்சு நடுவிலும் அந்த ஓசை தவறவில்லை. இந்தத் தகடு சவரக் கத்திக்கு நிகரான கூர்மை உடையது.

மூன்று நான்கு பட்டைகள் வெட்டியதும் ஒரு பட்டையைப் பிரித்து நீளமாக விரித்துப் பார்த்தார் மூதாட்டி. ரூலர் மடிப்புக்குச் செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், மடிப்பு இருந்த இடத்தில் பட்டை முழங்கை போல வளைந்துவிடும். மடித்த நிலையில் அது கண்ணுக்குத் தெரியாது. அன்று ஒரு பட்டையில் அந்த வளைவு லேசாகத் தெரிந்தது. உடனே ஓரத்தை மறுபடி நேராக வெட்டிவிட்டே அடுத்த பட்டைக்குப் போனார். அந்தப் பட்டை பழந்துணிக் கூடைக்குப் போயிற்று.

இன்னொன்றையும் காட்டினார். ஒருவர் வெட்டிய துணியில், சீரான இடைவெளியில் சில இழைகள் அறுபடாமல் நின்றன. அவர் ரூலரால் அளந்து பார்த்தார்: ஐந்தரை அங்குலத்துக்கு ஒரு முறை. நாற்பத்தைந்து மில்லிமீட்டர் தகட்டின் சுற்றளவு ஏறக்குறைய அதுதான். ஆகவே தகட்டில் ஓரிடத்தில் பல் விழுந்திருக்கிறது. குண்டூசிமேல் ஏற்றினால் இப்படி ஆகும். இடைவெளி ஒழுங்கில்லாமல் எங்கும் இழை நின்றால், தகடு முழுவதுமே மழுங்கிவிட்டது என்று பொருள். மழுங்கிய தகட்டோடு போராடி அழுத்தும்போதுதான் ரூலர் வழுக்குகிறது, விரலும் அறுபடுகிறது. தகட்டை மாற்றினார்கள்.

இரண்டாவது இடம் தையல் இயந்திரம். அங்கே கால் அங்குலம் என்பது கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவு. துணி மடிந்து திரும்பும்போது அந்த மடிப்பே கொஞ்சம் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. அதை முன்கூட்டியே கழித்துத் தைக்க வேண்டும். தையல்களும் சற்றுச் சிறியவை, இரண்டு மில்லிமீட்டர் அளவு. குறுக்கே வெட்டும்போது தையலும் அறுபடும், முனையில் முடிச்சு கிடையாது என்பதால் நீளத் தையலாக இருந்தால் பிரிந்துபோகும். முதல் தையலை ஒரு முனையிலிருந்து தொடங்கினால், மூன்றாவது பட்டையை மறுமுனையிலிருந்து இணைக்கிறார்கள். இரண்டையும் ஒரே திசையில் தைத்தால் தொகுப்பு வில்லாக வளைகிறது.

மூன்று பட்டைகள் சேர்ந்த தொகுப்பின் அகலம் ஒன்பதரை அங்குலம் இருக்க வேண்டும். இளம்பெண் ஒருத்தியின் தொகுப்பு அரைக்கால் அங்குலம் குறைந்தது. மூதாட்டி அவளிடம் காரணத்தை விளக்கினார்: இரண்டு தையல், தையலுக்கு இரண்டு ஓரம், மொத்தம் நான்கு ஓரம். ஒவ்வொன்றிலும் 32-இல் ஒரு பங்கு கூடுதலாக மடிந்தாலே மொத்தத்தில் அரைக்கால் அங்குலம் போய்விடும். அந்தப் பெண் ஊசியின் நிலையை ஒரு புள்ளி நகர்த்தி, சின்னத் துண்டில் தைத்து அளந்து பார்த்தபின் தொகுப்பைப் பிரித்துத் தைத்தாள்.

அடுத்து இஸ்திரி. முதலில் தையலை மூடியபடியே அழுத்தி, பிறகு திறந்து, உள்ளே இருக்கும் ஓரத்தை அடர்நிறத் துணியின் பக்கம் சாய்க்கிறார்கள். பெட்டியைத் தேய்ப்பதில்லை, வைத்து எடுக்கிறார்கள். தேய்த்தால் பட்டை இழுபட்டு நீண்டுவிடும். ‘அடர்நிறம் பக்கம்’ என்ற ஒரே விதி இங்கே இரண்டு வேலை செய்கிறது. ஏ தொகுப்பில் அடர்நிறம் வெளியே இருப்பதால் ஓரங்கள் வெளிப்பக்கம் சாய்கின்றன. பி தொகுப்பில் அது நடுவில் இருப்பதால் உட்பக்கம் சாய்கின்றன. பின்னர் வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த ஓரங்கள் ஒன்றையொன்று தடுத்துப் பூட்டிக்கொள்கின்றன. விரலால் நெருடினாலே பொருந்திவிட்டது தெரிகிறது. மூலையும் மூலையும் சந்திப்பது இந்தப் பூட்டினால்தான்.

மூன்றாவது இடம் மறுபடியும் மேட். குறுக்கே வெட்டும்போது ரூலரின் கோட்டைத் துணியின் ஓரத்தில் பொருத்தாமல் தையல் கோட்டின்மேல் பொருத்துகிறார்கள். ஓரம் நெளிந்திருக்கலாம், பிளாக்கில் தெரியப்போவது தையல் கோடு. சில துண்டுகளுக்கு ஒரு முறை கோணம் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, நகர்ந்திருந்தால் ஒரு மெல்லிய சீவலை வெட்டி எறிந்து நேராக்குகிறார்கள். பதினொரு துண்டுக்கு முப்பத்தெட்டரை அங்குலம் போதும். மீதி ஒன்றரை அங்குலம் இந்தச் சீவல்களுக்குத்தான்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரு பட்டையில் இருக்கும் துணிதான் பதினொரு பிளாக்கிலும் வரும். ஒன்பது சதுரமும் ஒன்பது துணியாக இருக்க வேண்டுமென்றாலோ, கையில் இருப்பதெல்லாம் சட்டைத் துண்டுகள் என்றாலோ, சதுரமாகத்தான் வெட்டியாக வேண்டும். அறையின் மூலையில் ஒரு முதியவர் பழந்துணிக் கூடையோடு உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வளைந்த பட்டையும் அவருக்கே வந்தது. வளைவு மடிப்பில் மட்டும்தான், இருபுறமும் நல்ல துணி என்று அதிலிருந்து சதுரங்களை வெட்டினார்.

அவர்களுடைய போர்வையில் அகலத்துக்கு ஏழு, நீளத்துக்கு ஒன்பது என்று 63 கட்டங்கள். நைன் பேட்ச் ஒன்று, வெறும் துணிச் சதுரம் ஒன்று என்று மாறி மாறி வரும். வெறும் சதுரம் ஒன்பதரை அங்குலத்தில் வெட்டப்படுவதால், நைன் பேட்ச் அரைக்கால் குறைந்தாலும் இணைக்கும் இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். தேவைப்படும் நைன் பேட்ச் 32. நீலம், பழுப்பு, பச்சை என்று மூன்று நிறச் சுற்றுகள் தைத்தால் கிடைப்பது 33. ஒன்று கூடுதல். முடிந்த பிளாக்குகளை ஒவ்வொன்றாக ஒன்பதரை அங்குலச் சதுர ரூலரின் கீழ் வைத்துப் பார்த்த பெண், பச்சையில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். அதன் நடுச்சதுரத்தின் ஒரு மூலை விலகியிருந்தது. மீதி 32-ஐ அடுக்கி, இணைக்கும் மேசைக்கு அனுப்பினாள்.