இரண்டும் சரி போலத் தெரிந்தால்...

வங்கியில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதிக் காலம் கடன் பிரிவில். சந்தேகம் இருக்கும் கடனில் கையெழுத்துப் போடாதே என்பது என் ரத்தத்தில் ஊறிவிட்ட பாடம். அந்தப் பாடத்தையே பேத்திக்கும் சொல்லிக் கொடுத்து, அவளுடைய ஒரு வருடத்தைக் கெடுத்தேன்.

போன வருடம் அவள் முதல் தடவை நீட் எழுதப் போனாள். 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறானால் 1 பிடித்தம், விட்டுவிட்டால் பூஜ்யம். "நிச்சயமாத் தெரியாததைத் தொடாதே கண்ணு, கையில இருக்கறது போயிடும்" என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பினேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். 24 கேள்விகளைத் தொடாமல் வந்தாள். அரசுக் கல்லூரி இடம் 11 மதிப்பெண்ணில் போயிற்று.

விடைக் குறிப்பு வந்த பிறகு ஒரு நாள் வினாத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். விட்டுவந்த 24-ல் 14 கேள்விகளில் அவளே இரண்டு விடைகளைப் பேனாவால் அடித்திருந்தாள். மீதி இரண்டுக்குள்தான் குழப்பம். "அன்னைக்கு ஏதாவது ஒண்ணு போட்டே ஆகணும்னா எதைப் போட்டிருப்பே?" என்று, விடைக் குறிப்பைக் காட்டாமல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். 8 சரி, 6 தவறு. அதாவது 32 வரவு, 6 செலவு, நிகரம் 26. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கடனுக்கும் தேர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. கடனில் வருவது வட்டி, போவது அசல். இங்கே வந்தால் நாலு, போனால் ஒன்று. ஐந்து கேள்விக்கு ஒன்று சரியாக இருந்தாலே வரவும் செலவும் சமன். இரண்டு விடைதான் பாக்கி என்றால் பூவா தலையா போட்டால்கூட, இரண்டு கேள்விக்கு ஒரு நாலு வரும், ஒரு ஒன்று போகும். கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம். அதை வேண்டாம் என்று சொல்லச் சொன்னவன் நான்தான்.

இந்த விகிதம் தேர்வுக்குத் தேர்வு மாறும். நம் குரூப் 4 தேர்வில் தவறான விடைக்குப் பிடித்தமே இல்லை, அங்கே இந்த யோசனையே வேண்டாம். ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். அங்கே கண்ணை மூடிக் குறித்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடையையாவது காரணத்தோடு அடிக்க முடிந்தால்தான் குறிப்பதில் லாபம். எனவே முதலில் பார்க்க வேண்டியது பிடித்த விகிதத்தை.

அடுத்தது, அந்த இரண்டில் எது என்பது. பூவா தலையாவை விட நல்ல வழி உண்டு. அதை எனக்குப் புரியவைத்தது ஒரு பயிற்சித் தாளில் வந்த ரத்த வகைக் கேள்வி.

'O வகை ரத்தத்தை எல்லா வகையினருக்கும் கொடுக்கலாம் என்பதற்குக் காரணம் என்ன?' விடைகள் நாலு. ஒன்று, அதன் சிவப்பணுக்களில் A, B ஆன்டிஜென்கள் இல்லை. இரண்டு, அதன் பிளாஸ்மாவில் இரண்டு வகை ஆன்டிபாடிகளும் உண்டு. மூன்று, இரண்டு ஆன்டிஜென்களும் உண்டு. நாலு, ஆன்டிபாடிகள் இல்லை. மூன்றும் நாலும் AB வகையின் லட்சணம் என்று உடனே அடித்துவிட்டாள். முதல் இரண்டில் மாட்டிக்கொண்டாள். "தாத்தா, ரெண்டுமே சரிதானே?" என்றாள்.

ஆமாம், O வகையைப் பற்றி இரண்டுமே உண்மை. கோளாறு அங்கேதான். விடை உண்மையா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் குழப்பம் தீராது. 'இந்த விடைக்கு ஏற்ற கேள்வி எது?' என்று திருப்பிக் கேட்கச் சொன்னேன். இரண்டாவது விடையை எடுத்துக்கொண்டாள். பிளாஸ்மாவில் இரண்டு ஆன்டிபாடியும் இருந்தால் என்ன ஆகும்? வெளியிலிருந்து A வந்தாலும் B வந்தாலும் அந்த அணுக்களைத் தாக்கும். ஆக அது, 'O வகைக்காரர் மற்ற வகை ரத்தத்தை ஏன் வாங்க முடியாது?' என்ற கேள்விக்கு விடை. இங்கே கேட்டது கொடுப்பதைப் பற்றி. கொடுக்கும் அணுக்களில் தாக்கப்படுவதற்கு அடையாளம் இல்லை என்பதால் முதல் விடைதான். அரை நிமிடத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகு கவனித்ததில், உயிரியலில் இப்படி இரண்டில் மாட்டும் இடங்கள் பலவற்றில் ஒன்று பக்கத்து வீட்டுக் கேள்வியின் விடையாக இருந்தது. இல்லாவிட்டால் கேள்வியில் 'தவறானது எது' என்று இருப்பதை அவசரத்தில் 'சரியானது எது' என்று படித்திருப்பாள். அதனால் இரண்டு மிச்சம் என்றால், விடைகளை மறுபடி பார்க்காமல் கேள்வியை மறுபடி படி என்று வைத்துக்கொண்டோம். குறித்ததை மாற்ற முடியாத விடைத்தாள் என்பதால், வட்டத்தைக் கறுப்பாக்கும் முன்பே இது நடந்தாக வேண்டும்.

அப்புறம் ஒரு பேரேடு போட்டேன். பழக்கம் விடுமா! ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் சந்தேகக் கேள்விக்குப் பக்கத்தில், எத்தனை விடை மிச்சம் என்று 2, 3, 4 என எழுதிவிட்டு, பிறகு ஒன்றைக் குறிக்க வேண்டும். முடிவு வந்ததும் பதிவேன். சில மாதத்தில் உயிரியலில் '2' போட்ட 40-ல் 25 சரி. இயற்பியலில் 30-க்கு 12தான். பாதிகூட இல்லை. காரணம் தேடினோம். கணக்கில் ஒரு இரண்டால் வகுக்க மறந்தால் என்ன எண் வருமோ, அந்த எண்ணையே ஒரு விடையாக வைத்திருக்கிறார்கள். நாம் சறுக்கும் இடத்தில் நமக்காகவே காத்திருக்கும் விடை அது. ஆனாலும் 48 வரவு, 18 செலவு, லாபம்தான். நான் முன்பு போல 'தொடாதே' என்று சொல்லவில்லை.

'4' என்று எழுதியவை 20. சரி 3 மட்டும். 12 வந்து 17 போயிற்று. கண்ணை மூடிக் குறித்தாலே ஐந்து சரியாக வந்திருக்க வேண்டும், கேள்விக்குக் கால் மதிப்பெண் லாபம் நின்றிருக்கும். இருபது கேள்வி சின்னக் கணக்குதான், அதை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் ஒன்றும் தெரியாதபோது பழகிய பெயராக இருக்கும் விடைக்குக் கை தானாகப் போகிறது, அது பெரும்பாலும் கண்ணி என்று அவளே சொன்னாள். கால் மதிப்பெண்ணுக்காக அதில் நேரம் செலவழிப்பதை விட, '2' போட்ட கேள்வியை மறுபடி படிப்பது மேல் என்று முடிவு செய்தோம்.

இந்த வருடம் 6 கேள்வியை மட்டும் விட்டு வந்தாள். இரண்டில் ஒன்றாகக் குறித்தது 13. விடைக் குறிப்போடு பார்த்ததில் 8 சரி, 5 தவறு. 27 மதிப்பெண். இடம் கிடைக்குமா என்பது கலந்தாய்வில்தான் தெரியும்.

இந்தத் தடவை வாசலில் நின்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் செருப்பை மாட்டிக்கொண்டே, "ரெண்டு மிச்சம்னா கேள்வியை மறுபடி படிக்கணும், அவ்வளவுதானே தாத்தா?" என்றாள். தலையை ஆட்டினேன்.